வெயிலில் வைத்த பாட்டில்: குடிநீர் எப்போது தூய்மையாகிறது, எப்போது ஆவதில்லை

வயிற்றுப்போக்குக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின் பெரும்பாலான தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எந்தத் தண்ணீரைக் கொடுப்பது?” கொதிக்க வைத்து ஆறிய நீர் என்பதே எங்கள் முதல் விடை. அதில் மாற்றமில்லை. ஆனால், கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவாரத் தோட்டங்களில் குடியிருப்போரும், விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரும், எரிவாயு உருளையை மாதக் கணக்குப் போட்டுச் செலவிடுவோரும் அந்த விடையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுச் செல்வார்களே தவிர, எட்டு லிட்டர் நீரை நாள்தோறும் கொதிக்க வைப்பதில்லை. அத்தகைய வீடுகளுக்கு நான் பரிந்துரைக்கும் இரண்டாவது வழி, தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து வெயிலில் வைப்பது. எளிய வழி என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பலன் தருவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று தவறினாலும் பாட்டிலில் இருப்பது சூடான நீர் மட்டுமே. தூய நீர் அன்று.

இதை எனக்கு நன்றாக உணர்த்தியவர் கூடலூர் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில் வசிக்கும் ஒரு பாட்டி. அவருடைய மூன்று வயதுப் பேரன் ஓர் ஆடி மாதத்தில் நீரிழப்புடன் எங்கள் வார்டுக்கு வந்தான். குணமாகி வீடு திரும்பும்போது வெயில் முறையைப் பற்றி நான் அவசரமாகச் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரத்துக்குள் அதே பிள்ளை அதே தொல்லையுடன் திரும்பி வந்தான். “தம்பி, நீங்க சொன்னபடியேதான் வெயில்ல வச்சேன். ஒரு நாள்கூடத் தவறல” என்றார் பாட்டி, சற்றுக் கோபத்துடன். வைத்த பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் ஒரு துணிப்பையில் நான்கு பாட்டில்கள் வந்தன. அந்த நான்கையும் மேசையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது, தவறு பாட்டியுடையதன்று, அரைகுறையாகச் சொன்ன என்னுடையது என்பது விளங்கிற்று. அவற்றைக் கொண்டே இம்முறையை இங்கு விளக்குகிறேன்.

வெயில் கிருமியைக் கொல்வது எப்படி?

வெயிலுக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பதை 1877ஆம் ஆண்டிலேயே டவுன்ஸ், பிளன்ட் என்னும் இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். அதைக் குடிநீருக்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கண்டறிந்தவர்கள் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அஃப்திம் அக்ராவும் அவருடைய குழுவினரும். அவர்கள் தொடங்கிய இடம் நம் வார்டுக்கு மிகவும் நெருக்கமானது. வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலை அசுத்த நீரில் கரைத்தால் மருந்தே நோயைத் தரும் என்ற கவலையிலிருந்து அவர்கள் தொடங்கினர். கரைசலை வெயிலில் வைத்தால் அதிலுள்ள கிருமிகள் அழிகின்றன என்னும் முடிவை 1980இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். பின்னர் 1991 முதல் சுவிட்சர்லாந்தின் ‘ஈவாக்’ நீர் ஆய்வு நிறுவனம் இதை விரிவாகச் சோதித்து, ‘சோடிஸ்’ என்னும் பெயரில் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றது.

பலர் நினைப்பது போல, இங்கே வேலை செய்வது முதன்மையாகச் சூடு அன்று. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ‘ஏ’ வகைக் கதிர்கள் பாட்டிலின் சுவரைக் கடந்து நீருக்குள் செல்கின்றன. அவை கிருமியின் உயிரணுவை நேரடியாகத் தாக்குகின்றன. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தூண்டி, கிருமியின் உறையையும் நொதிகளையும் சிதைக்கும் வேதிப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. சூடு இதற்குத் துணை நிற்கிறது. நீர் 50 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து வேலையைப் பல மடங்கு விரைவாக்கும். ஒரு மணி நேரமே போதும். ஆனால் நம் பகுதியில் தரையில் கிடத்திய பாட்டிலின் நீர் பெரும்பாலான நாள்களில் அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை. ஆகையால் சூட்டை நம்பாதீர்கள், மணிக்கணக்கை நம்புங்கள். “தொட்டுப் பார்த்தேன், சுட்டது, எடுத்துவிட்டேன்” என்பது பிழையான கணக்கு. சூடில்லாமல் இளங்குளிர்ச்சியாக இருக்கும் மார்கழி நீரும், முழு வெயில் நேரத்தைப் பெற்றிருந்தால் தூய்மையாகிவிடும்.

இம்முறை நம் மாநிலத்திலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், அந்நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்பில் நூறு குழந்தைகளுக்கு வெயிலில் வைத்த நீரைத் தந்தனர். அதே வயதுள்ள வேறு நூறு குழந்தைகளை ஒப்புநோக்கக் கவனித்தனர். ஆறு மாதங்கள் வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று விசாரித்தனர். 2006இல் வெளிவந்த முடிவின்படி, ஒரு குழந்தைக்கு ஓராண்டில் 2.7 முறை என்றிருந்த வயிற்றுப்போக்கு, வெயில் நீர் குடித்த குழந்தைகளிடம் 1.7 முறையாக இருந்தது. அந்தக் குழந்தைகளில் 86 விழுக்காட்டினர் அவ்வப்போது வேறு நீரும் குடித்தவர்கள் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. பொலிவியா நாட்டில் 22 ஊர்களில் நடந்த பெரிய ஆய்வொன்று 2009இல் இதற்கு மாறான முடிவைத் தந்தது. அங்கே குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. ஆனால் அங்கு மூன்றில் ஒரு பங்கினரே முறையைத் தொடர்ந்து கடைப்பிடித்தனர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புலப்படுவது, பாட்டிலைக் கையாளும் விதத்திலேயே வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன என்பதுதான்.

பாட்டியின் நான்கு பாட்டில்கள்

முதல் பாட்டில் இரண்டு லிட்டர் கொள்ளும் பச்சை நிறக் குளிர்பான பாட்டில். நிறமுள்ள பிளாஸ்டிக் வேண்டிய கதிர்களில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். பச்சை, பழுப்பு, அடர் நீலம் எதுவும் ஆகாது. கண்ணாடி போல் நிறமற்றதாக இருக்க வேண்டும். புதுப் பாட்டில்களில் காணும் மிக மெல்லிய நீலச் சாயல் பரவாயில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் பொறித்திருக்கும் ‘பெட்’ வகைப் பிளாஸ்டிக்கே இதற்கு ஏற்றது. கடையில் விற்கும் குடிநீர், குளிர்பான பாட்டில்கள் பெரும்பாலும் இவ்வகையே. வெளியே ஒட்டிய தாளையும் பசையையும் முழுவதும் நீக்கிவிட வேண்டும். அந்தப் பச்சைப் பாட்டிலில் அதுவும் அப்படியே இருந்தது. பாதிச் சுவரை அது மறைத்திருந்தது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டங்களில் காலியான பூச்சிமருந்துப் புட்டிகள் எங்கும் கிடக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அவற்றைக் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது. வெயில் நச்சு மருந்தை நீக்காது.

இரண்டாவது, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். அது நிறமற்றதுதான். ஆனால் மிகப் பருத்தது. கதிர் நீருக்குள் போகப் போக வலுவிழக்கும். நீர் சற்றுக் கலங்கலாக இருந்தால் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பாதி வலு போய்விடும். ஆகவே பாட்டிலின் குறுக்களவு பத்து சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் பாட்டில் சிறந்தது. இரண்டு லிட்டரே மேல் எல்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேனை மொட்டை மாடியில் வைப்போரைப் பார்த்திருக்கிறேன். அதன் பருமனும் அது செய்யப்பட்டுள்ள பிளாஸ்டிக்கின் தன்மையும் இம்முறைக்குப் பொருந்தா.

மூன்றாவது பாட்டில் நல்ல பாட்டில். ஒரு லிட்டர், நிறமற்றது, தாள் நீக்கியது. ஆனால் அதிலிருந்த நீர் செம்மண் நிறம். மழைக்காலத்தில் வாய்க்கால் நீர் அப்படித்தான் இருக்கும்; தேக்கடியிலிருந்து வரும் முல்லைப் பெரியாற்று நீரிலும் புதுவெள்ளம் கலக்கும்போது வண்டல் கூடும். மண் துகள்கள் கதிரைத் தடுக்கின்றன. அத்துடன் கிருமிகள் அந்தத் துகள்களின் நிழலில் ஒளிந்துகொள்கின்றன. நீரின் தெளிவைப் பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. நிரப்பிய பாட்டிலை, மூடியைத் திறந்து, நாளிதழின் தலைப்புச் செய்தியின் மேல் நேராக நிறுத்துங்கள். வாய் வழியாக மேலிருந்து கீழே பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் உயரமுள்ள தலைப்பெழுத்துகளை நீர் வழியாகப் படிக்க முடிந்தால் அந்த நீர் வெயிலுக்குத் தகும். படிக்க முடியாவிட்டால் தகாது.

படிக்க முடியாத நீரைத் தெளிய வைக்க வேண்டும். குடத்தில் ஓர் இரவு அசையாமல் வைத்து மேல்நீரை மெல்ல வடித்தெடுத்து, நான்காக மடித்த தூய பருத்தித் துணியில் வடிகட்டினால் பெரும்பாலும் போதும். அதற்கும் தெளியாவிட்டால் நம் பாட்டிமார் செய்தது போல் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைக்கலாம். சிறிது படிகாரத்தைச் சுழற்றி எடுப்பதும் உண்டு. வண்டல் அடியில் படிந்தபின் மேல்நீரை மட்டும் எடுத்து, மறுபடியும் நாளிதழ்ச் சோதனை செய்யுங்கள். தேற்றாங்கொட்டை நீரைத் தெளிவாக்குகிறது. அதனால் மட்டும் நீர் நோயற்றதாகிவிடாது. தெளிந்த நீரைக் கண்டு அப்படியே குடிப்பதுதான் இங்கே நேரும் தவறு.

நான்காவது பாட்டில் எனக்குப் புதிராக இருந்தது. பாட்டில் சரி, நீர் தெளிவு, எழுத்தும் படிக்க முடிந்தது. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். “வீட்டுக்கு மேற்கால, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துல” என்றார். எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்றதற்கு, களையெடுத்துவிட்டு வந்து பதினொன்றரைக்கு என்றார். அப்போதுதான் நம் பள்ளத்தாக்கின் சிக்கல் எனக்குப் புரிந்தது.

பள்ளத்தாக்கின் வெயில் கணக்கு

இம்முறைக்கு வேண்டியது தெளிந்த வானத்தில் ஆறு மணி நேர நேரடி வெயில். தேனி நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ பத்துப் பாகை வடக்கே இருக்கிறது. உலகில் இம்முறை நன்கு பயன்படும் பகுதி இருபுறமும் முப்பத்தைந்து பாகை வரை எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே வெயிலின் வலுவில் நமக்குக் குறையில்லை. குறை, மலையிலும் மேகத்திலும் இருக்கிறது.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் நின்று, நடுவில் இப்பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. கூடலூர், கம்பம், போடி ஆகிய ஊர்களின் மேற்கு ஓரத்தில், மலையை ஒட்டிய தோட்டங்களில் பிற்பகலிலேயே நிழல் இறங்கிவிடுகிறது. சுருளி அருவிப் பக்கத்தைப் போலக் கிழக்கு மலையை ஒட்டிய ஊர்களில் காலை வெயில் தாமதமாகவே தரையைத் தொடுகிறது. பாட்டியின் வீட்டில் பதினொன்றரைக்கு வைத்த பாட்டில் மூன்று மணி வாக்கில் மலை நிழலில் கிடந்தது. அதற்கு முன் மாட்டுக்கொட்டகைக் கூரையின் நிழல் வேறு ஒரு மணி நேரத்தைத் தின்றிருந்தது. ஆறு மணி நேரம் என்று அவர் நினைத்தது உண்மையில் இரண்டரை மணி நேரம்.

எனவே பாட்டிலை வைக்கும் முன் ஒரே ஒரு நாள், வேலைக்கு நடுவே, உங்கள் முற்றத்தைக் கவனித்துப் பாருங்கள். எட்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மரம், சுவர், கூரை, மலை எதன் நிழலும் விழாத இடம் எது என்று பார்த்து, அங்கே ஒரு தகரத் துண்டைப் போட்டுவிடுங்கள். அதன் மேல் பாட்டில்களைக் கிடைமட்டமாகப் படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தால் உச்சி வெயில் மூடியின் மேல் விழுகிறது. படுக்க வைத்தால் நீரின் ஆழம் குறைந்து முழுப் பக்கமும் வெயிலைப் பெறுகிறது. தகரம் சூட்டைக் கூட்டித் தரும். ஆடிக் காற்றில் பாட்டில்கள் உருண்டு ஓடாமலிருக்க இருபுறமும் செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு முன் வைத்து, மலை நிழல் வந்தபின் எடுப்பது நம் ஊருக்கு ஏற்ற பழக்கம்.

வானத்தில் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தால் ஒரு நாள் போதாது. அதே பாட்டிலை, மூடியைத் திறக்காமல், அடுத்தடுத்து இரண்டு முழு நாள்கள் வைக்க வேண்டும். இடையில் சிறிது குடித்துவிட்டு மேலே புது நீரை ஊற்றினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தொடர்ந்து சாரல் பொழியும் நாள்களில் இம்முறை பயன்படாது. அன்று கொதிக்க வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கூடலூர்ப் பக்கம் மேகம் கவிந்து சாரல் அடிக்கும். அதே நாளில் ஆண்டிபட்டியில் வெயில் காயும். ஆகையால் உறவினர் ஊரில் சரியாக நடந்தது என்பதற்காக உங்கள் ஊரிலும் நடக்குமென்று கொள்ள வேண்டாம். நான் நோயாளிகளுக்குச் சொல்வது ஒரு கைப்பழக்கம்: உங்கள் நிழல் தரையில் விளிம்பு தெரியக் கூர்மையாக விழுகிற நேரத்தை மட்டும் வெயில் நேரமாகக் கணக்கிடுங்கள். அது சற்றுக் கண்டிப்பான அளவுதான். கண்டிப்பாக இருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

பாட்டிலை நிரப்புவதிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் எடுத்த நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். முக்கால் பங்கு நிரப்பி, மூடி, இருபது விநாடி நன்றாகக் குலுக்குங்கள். பிறகு முழுவதும் நிரப்பி மூடுங்கள். மேலே சொன்னபடி, கிருமியைத் தாக்குவதில் ஆக்சிஜனுக்கும் பங்கு உண்டு.

வெயிலுக்குப் பிறகு

பாட்டி அதுவரை சொல்லாத ஒன்றைப் பேச்சுவாக்கில் சொன்னார். மாலையில் எல்லாப் பாட்டில்களையும் மண்பானையில் ஊற்றிவிடுவாராம். குளிர்ச்சிக்காக. பிள்ளைகள் அதில் சொம்பை விட்டு மொண்டு குடிப்பார்கள். நான்கு பாட்டில்களும் சரியாகவே இருந்திருந்தாலும் இது ஒன்றே போதும், பிள்ளை திரும்ப வார்டுக்கு வர.

வெயில், நீரில் எதையும் விட்டுச் செல்வதில்லை. நகராட்சிக் குழாய் நீரில் கலக்கும் குளோரின், பின்னால் சேரும் கிருமியையும் ஓரளவு தடுத்துக்கொண்டிருக்கும். வெயில் நீருக்கு அந்தக் காவல் இல்லை. ஒரு விரல் பட்டாலே மீண்டும் அசுத்தமாகும். எனவே நீர் அதே பாட்டிலிலேயே, மூடியோடு, நிழலில் இருக்க வேண்டும். குடிக்கும்போது தூய டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். குளிர்ச்சி வேண்டுமென்றால் மூடிய பாட்டிலின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வைக்கலாம். ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. அரைகுறையாக வெயில் பட்ட நீரில் எஞ்சிய கிருமிகள் இருட்டில் மீண்டும் பெருகக் கூடும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்க இந்த நீரைப் பயன்படுத்தலாம். நீர் ஆறிய பிறகு பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

பாட்டில் பழையதானால் கீறல் விழும், மங்கும். கீறல் கதிரைச் சிதறடிக்கும்; அதில் அழுக்கும் தங்கும். கையில் பிடித்து எதிரே உள்ள எழுத்தைப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கினால் மாற்றிவிடுங்கள். நம் ஊர்ப் புழுதியில் ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுவது நலம். வெயிலில் பிளாஸ்டிக்கிலிருந்து நச்சு இறங்காதா என்று படித்த இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ‘பெட்’ பாட்டிலில் இவ்வாறு வைத்த நீரைச் சோதித்த ஆய்வுகளில், அதிலிருந்து இறங்கிய பொருள்களின் அளவு குடிநீருக்கான பாதுகாப்பு வரம்புக்கு மிகவும் கீழேயே இருந்தது. வயிற்றுப்போக்கால் ஒரு குழந்தைக்கு உண்டாகும் ஆபத்துடன் ஒப்பிட்டால், இதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

எத்தனை பாட்டில் வேண்டும் என்பதைப் பாட்டியுடன் உட்கார்ந்து கணக்கிட்டோம். வீட்டில் நான்கு பேர். ஒருவருக்கு இரண்டு லிட்டர் வீதம் நாளொன்றுக்கு எட்டு லிட்டர். அதாவது ஒரு லிட்டர் பாட்டில் எட்டு இன்று குடிக்க. எட்டு, நாளைக்காக வெயிலில். மேகமான நாள்களில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருப்பதால் இன்னும் எட்டு. ஆக இருபத்து நான்கு. “இத்தனைக்கு எங்க போறது?” என்றார். கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம் போய்ப் பாருங்கள் என்றேன். பெரிய பேரன் ஒரே நாளில் முப்பது சேர்த்துவிட்டான். சோப்பும் வெந்நீரும் கொண்டு மூடியையும் சேர்த்துக் கழுவி, ஒவ்வொரு நாளைய வரிசைக்கும் ஒரு நிற நூலை மூடியடியில் கட்டினார்கள். சிவப்பு நூல் இன்று குடிக்க, மஞ்சள் நூல் வெயிலில் என்று எழுத்தறியாத பாட்டிக்கும் குழப்பமில்லாமல் போயிற்று. அந்த நூல் யோசனை அவருடையதே; இப்போது எல்லோருக்கும் அதையே சொல்லிவருகிறேன்.

யாருக்கு இந்த நீர் போதாது

வாந்திபேதி, சீதபேதி, டைபாய்டு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஆறு மணி நேர வெயிலில் நன்கு அழிகின்றன. வைரஸ்களில் சில அதைவிடத் தாக்குப்பிடிப்பவை. ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்னும் ஒட்டுண்ணி தடித்த உறைக்குள் இருப்பதால், அதை அழிக்க ஆறு மணி நேரம் போதாது. உடல்நலமுள்ள ஒருவருக்கு அது சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு அது வாரக்கணக்கில் நீடித்து உயிரையே அச்சுறுத்தும்.

ஆகவே புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், எச்ஐவி தொற்றுள்ளவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் வெயில் நீரை நம்பக் கூடாது. அவர்களுக்கு நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமாவது கொதித்திருக்க வேண்டும். பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கும் அவ்வாறே. தெருவில் மஞ்சள் காமாலை பரவியிருக்கும்போது வீட்டில் எல்லோருமே கொதித்த நீருக்கு மாறிவிடுங்கள். கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயமாகக் கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் வெயில் நீர் போதுமென்றால், எரிபொருள் அந்த ஒருவருக்கு மட்டும் செலவாகும். எட்டு லிட்டருக்குப் பதில் இரண்டு லிட்டர் கொதிக்க வைப்பது எந்த வீட்டிலும் இயலும்.

நீரில் கரைந்துள்ள எதையும் வெயில் நீக்காது. உப்பு, புளூரைடு, உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட், தோட்டத்தில் தெளித்த மருந்து ஆகியவை கொதிக்க வைத்தாலும் போகா, வெயிலில் வைத்தாலும் போகா. மருந்து தெளிக்கும் தோட்டத்தின் நடுவே உள்ள திறந்த கிணறு உங்கள் குடிநீர் என்றால், வேறு நீரைத் தேடுவதே வழி. குளோரின் கலந்த குழாய் நீர் ஒழுங்காக வரும் வீடுகளுக்கோ இம்முறை தேவையே இல்லை. அந்த நீரை மூடி வைத்துக் குடித்தால் போதும்.

பாட்டியின் பேரன் அந்த இரண்டாம் முறைக்குப் பின் வயிற்றுப்போக்குக்காக எங்களிடம் வரவில்லை. அதற்குப் பாட்டில் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்; கை கழுவும் சோப்பு ஒன்றும் அன்றுதான் அந்த வீட்டு முற்றத்துக்கு வந்தது. அவனுக்குத் தடுப்பூசி போட அழைத்து வந்தபோது பாட்டியின் துணிப்பையில் சிவப்பு நூல் கட்டிய பாட்டில் ஒன்று இருந்தது. வாங்கி மேசையில் நாளிதழின் மேல் நிறுத்திப் பார்த்தேன். தலைப்பு தெளிவாகத் தெரிந்தது.